உப்புத் தண்ணி அடைக்கும், நல்ல தண்ணி அரிக்கும்: கீசருக்கும் வெந்நீர் பைப்புக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

கோவையில் பல வீடுகளுக்கு இரண்டு விதத் தண்ணீர் உண்டு. மாநகராட்சிக் குழாயில் சிறுவாணியிலிருந்தோ பில்லூரிலிருந்தோ வருவது நல்ல தண்ணி. போர் போட்டு எடுப்பது உப்புத் தண்ணி. நல்ல தண்ணி குடிக்கவும் சமைக்கவும் போய்விடுவதால், கீசருக்குள் ஏறுவது பெரும்பாலும் போர் தண்ணிதான். நல்ல தண்ணி தாராளமாக வரும் வீடுகளில் மட்டும் அதையே மாடித் தொட்டிக்கு ஏற்றி, கீசருக்கும் விடுகிறார்கள்.

இந்த இரண்டு வீடுகளுக்கும் ஒரே பராமரிப்பு பொருந்தாது. "வருஷத்துக்கு ஒரு தடவை சர்வீஸ் பண்ணுங்க" என்று எல்லாருக்கும் ஒரே பதில்தான் கிடைக்கிறது. ஆனால் கடின நீர் உள்ள வீட்டில் எலிமென்ட் மேல் படிவு ஏறி அது கருகும். மென்னீர் உள்ள வீட்டில் படிவே இருக்காது, ஆனால் தொட்டியும் இரும்பு பைப்பும் சத்தமில்லாமல் துருப்பிடிக்கும். நம் போர் தண்ணி பலவற்றில் கடினத்தன்மையோடு குளோரைடும் சேர்ந்து இருப்பதால், படிவும் துருவும் ஒரே கீசரில் நடக்கும். எனவே எதைத் தேட வேண்டும், எத்தனை மாதத்துக்கு ஒரு முறை தேட வேண்டும் என்பதைத் தண்ணீர்தான் முடிவு செய்கிறது.

## படி 1: தண்ணீரை அளந்து பாருங்கள்

டிடிஎஸ் மீட்டர் இப்போது நிறைய வீடுகளில் இருக்கிறது. அது காட்டும் எண்ணைக் கடினத்தன்மை என்று நினைத்துவிடக் கூடாது. தண்ணீரில் கரைந்திருக்கும் எல்லா உப்பையும் சேர்த்துத்தான் அது மதிப்பிடுகிறது. கடினத்தன்மை என்பது கால்சியமும் மக்னீசியமும் மட்டும். சாஃப்ட்னர் போட்ட தண்ணீரில் கடினத்தன்மை கிட்டத்தட்ட இல்லாமல் போயிருக்கும், ஆனால் டிடிஎஸ் மீட்டர் முன்பு காட்டிய எண்ணையே காட்டும்.

வீட்டிலேயே பார்க்க, சொட்டு விடும் சோதனைக் கிட் போதும். சிறு குப்பியில் தண்ணீர் எடுத்து, கொடுத்திருக்கும் பொடியையோ கரைசலையோ போட்டால் ஒயின் சிவப்பு நிறம் வரும். அப்புறம் இன்னொரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, சிவப்பு முழுவதும் போய் நீலமாகும்போது நிறுத்த வேண்டும். ஒரு சொட்டுக்கு எத்தனை மில்லிகிராம் என்பது டப்பாவில் இருக்கும். இன்னும் தெளிவாக வேண்டுமென்றால் ஆய்வகம்தான் சரி. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் கட்டணம் செலுத்திச் சோதித்துக்கொள்ளலாம், தனியார் ஆய்வகங்களும் உண்டு. மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அதன் பிறகு வரும் தண்ணீரைச் சுத்தமான பாட்டிலில் பிடித்துக் கொடுங்கள். கோடையில் போர் தண்ணி மாறும் என்பதால், முடிந்தால் மே மாதம் ஒன்று, மழைக்குப் பின் ஒன்று எடுப்பது நல்லது.

அறிக்கையில் மொத்தக் கடினத்தன்மை, கால்சியம் கடினத்தன்மை, காரத்தன்மை, குளோரைடு, பிஎச், டிடிஎஸ் ஆகியவை இருக்க வேண்டும். குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500 கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்று வரம்பு வைத்து, வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. அது குடிப்பதற்கான வரம்பு. 200 மில்லிகிராம் உள்ள தண்ணீரே கீசருக்குள் போதுமான படிவைப் போடும்.

கீசரைப் பொறுத்தவரை மொத்தக் கடினத்தன்மையை விடக் காரத்தன்மைதான் நான் முதலில் பார்க்கும் எண். தண்ணீரைச் சூடாக்கும்போது கால்சியம் பைகார்பனேட் உடைந்து, கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, கால்சியம் கார்பனேட் வெள்ளையாகப் படிகிறது. பைகார்பனேட் எவ்வளவு இருக்கிறது என்பதைச் சொல்வது காரத்தன்மை. கடினத்தன்மை 600, காரத்தன்மை 350 என்றால், சூட்டில் படியக்கூடியது அந்த 350 வரை மட்டுமே. மீதி 250 சல்பேட்டாகவும் குளோரைடாகவும் கரைந்தபடியே போகும்.

## சூடேறும்போது என்ன மாறுகிறது

சர்க்கரை சூடான தண்ணீரில் நன்றாகக் கரையும். கால்சியம் கார்பனேட் அப்படியல்ல, சூடு ஏற ஏற அதன் கரைதிறன் குறையும். அதனால்தான் பச்சைத் தண்ணீர்க் குழாயில் பல வருடம் எடுக்கும் படிவு, எலிமென்ட் மேல் சில மாதங்களில் வந்துவிடுகிறது.

இதைக் கணக்காகப் பார்க்க லாஞ்சலியர் குறியீடு உதவும். 1936இல் அமெரிக்காவின் லாஞ்சலியர் என்பவர் தந்தது. ஆய்வக அறிக்கை கையில் இருந்தால் நீங்களே போட்டுப் பார்க்கலாம்:

```
A = (log10(TDS) - 1) / 10
B = -13.12 * log10(T + 273) + 34.55
C = log10(Ca) - 0.4
D = log10(Alk)
pHs = (9.3 + A + B) - (C + D)
LSI = pH - pHs
```

இதில் T என்பது செல்சியஸ் வெப்பநிலை. Ca என்பது கால்சியம் கடினத்தன்மை, Alk என்பது காரத்தன்மை, இரண்டும் கால்சியம் கார்பனேட் கணக்கில். விடை பூஜ்யத்துக்கு மேலே இருந்தால் தண்ணீர் படிவு போடும் குணத்தில் இருக்கிறது. கீழே இருந்தால் ஏற்கெனவே உள்ள படிவையும் கரைத்துக்கொள்ளும்.

ஒரு மாதிரி போர் தண்ணியை எடுத்துக்கொள்வோம்: டிடிஎஸ் 1,200, பிஎச் 7.4, கால்சியம் 350, காரத்தன்மை 350. 30 டிகிரியில் குறியீடு சுமார் +0.6 வருகிறது. அதே தண்ணீரை 65 டிகிரிக்குச் சூடாக்கினால் +1.2. இனி ஒரு மாதிரி மென்னீர்: டிடிஎஸ் 50, பிஎச் 7.2, கால்சியம் 20, காரத்தன்மை 25. 30 டிகிரியில் –1.9, 65 டிகிரியிலும் –1.2. இந்தத் தண்ணீர் எவ்வளவு சூடாக்கினாலும் படிவு போடாது. ஆனால் உலோகத்தின் மேல் பாதுகாப்பாக ஒரு மெல்லிய படலம்கூட உருவாகாது. தொட்டிச் சுவரும் இரும்பு பைப்பும் சூடான, ஆக்ஸிஜன் கரைந்த தண்ணீருக்கு நேராக வெளிப்பட்டு நிற்கும்.

இந்தக் குறியீடு கால்சியம் கார்பனேட்டைப் பற்றி மட்டும்தான் பேசுகிறது, துருவை நேரடியாக அளப்பதில்லை. குளோரைடு அதிகம் இருந்தால், குறியீடு +1 காட்டினாலும் படிவுக்கு அடியில் உலோகம் குழிகுழியாக அரிக்கும்.

அளவு எவ்வளவு என்று பார்ப்போம். அதே போர் தண்ணி உள்ள வீட்டில் கீசர் வழியாக ஒரு நாளைக்கு 60 லிட்டர் போகிறது என்று வையுங்கள். 60 லிட்டரில் படியக்கூடிய பொருள் 21 கிராம். அதில் பத்தில் ஒரு பங்கு மட்டும் கீசருக்குள் தங்கினாலும் வருடத்துக்கு முக்கால் கிலோ ஆகிறது.

## படி 2: திறக்கும் முன் எங்கே கோளாறு என்று கண்டுபிடியுங்கள்

ஒரு பத்து லிட்டர் பக்கெட்டும் கைப்பேசியில் ஒரு ஸ்டாப்வாட்சும் போதும். ஒரே குளியலறையில் பச்சைத் தண்ணீர்க் குழாயை முழுதாகத் திறந்து பக்கெட் நிறைய எவ்வளவு நேரம் என்று பாருங்கள். அப்புறம் வெந்நீர்க் குழாயிலும் அதையே செய்யுங்கள். கீசர் வழியாகச் சுற்றி வருவதால் வெந்நீர் எப்போதும் கொஞ்சம் தாமதமாகத்தான் நிறையும். ஆனால் புதிதாக இருந்தபோது இருந்த வித்தியாசம் இரட்டிப்பானால் அடைப்பு இருக்கிறது என்று அர்த்தம். அந்த நேரத்தைக் கீசரின் பக்கவாட்டில் தேதியோடு மார்க்கரில் எழுதி வைப்பது நல்ல பழக்கம்.

மெல்லிய படிவே இவ்வளவு செய்யுமா என்று தோன்றலாம். துத்தநாகம் பூசிய அரை அங்குல ஜிஐ இரும்பு பைப்பின் உள்விட்டம் ஏறக்குறைய 16 மில்லிமீட்டர். சுற்றிலும் 2 மில்லிமீட்டர் படிந்தால் 12 மில்லிமீட்டராகிறது. அதே அழுத்தத்தில் அதன் வழியாகப் போகும் தண்ணீர் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குறைந்த அழுத்தத்தில் இது உடனே தெரியும்.

பைப்பைக் குறை சொல்லும் முன் ஷவர் தலையையும் குழாய் முனையில் உள்ள சல்லடையையும் கழற்றிப் பாருங்கள். பாதி வீடுகளில் அடைப்பு அங்கேதான் இருக்கும். கீசருக்குள்ளிருந்து பெயர்ந்து வரும் வெள்ளைத் துகள்கள் அந்தச் சல்லடையில்தான் சிக்குகின்றன.

பிறகு சத்தத்தைக் கேளுங்கள். கீசர் போட்டதும் கொதிக்கிற மாதிரி டொக் டொக்கென்றோ கரகரவென்றோ சத்தம் வந்தால், எலிமென்ட் மேல் உள்ள படிவுக்கு அடியில் தண்ணீர் சிக்கி ஆவியாகிறது. தண்ணீர் சூடாக எடுக்கும் நேரத்தையும் கவனியுங்கள். படிவு ஏறிய எலிமென்ட் அதே மின்சாரத்தை எடுத்து, சூட்டைத் தண்ணீருக்குக் கொடுக்க முடியாமல் தானே அதிகம் சூடாகிறது. கடைசியில் அதன் உறை வெடித்து, தண்ணீர் உள்ளே இறங்கி, பிரேக்கர் விழ ஆரம்பிக்கும். கீசர் போட்டால் மட்டும் பிரேக்கர் விழுகிறது என்றால் மறுபடி மறுபடி ஏற்றிப் பார்க்காதீர்கள். அது உயிருக்கு ஆபத்து.

துருவுக்கு நிறம்தான் அடையாளம். காலையில் முதலில் வரும் தண்ணீரை வெள்ளை மக்கில் பிடியுங்கள். வெந்நீர்க் குழாயில் மட்டும் செம்மையாக வந்தால் கீசர் தொட்டியோ வெந்நீர் லைனோ அரிக்கிறது. இரண்டிலும் வந்தால் கோளாறு அதற்கு முன்பே, வரும் லைனில் இருக்கிறது. வெந்நீரில் மட்டும் அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அது பெரும்பாலும் சல்பேட்டைத் தின்னும் பாக்டீரியா, தொட்டியைத் துருவிலிருந்து காக்க உள்ளே வைக்கும் மக்னீசிய ராடு, அதாவது ஆனோடு ராடு, உள்ள தொட்டியில் வளர்கிறது என்று பொருள்.

## படி 3: கீசரைத் திறந்து சுத்தம் செய்தல்

மின்வேலை பழக்கமில்லாதவர்கள் இதை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிட்டுப் பக்கத்தில் நின்று பாருங்கள். என்ன நடக்க வேண்டும் என்று தெரிந்தால், அரைகுறையாகத் துடைத்துவிட்டுப் போவதைத் தடுக்கலாம்.

முதலில் கீசருக்கான பிரேக்கரை இறக்குங்கள், சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது. உள்ளே இருக்கும் வெந்நீரைத் திறந்துவிட்டு, தொட்டியில் பச்சைத் தண்ணீர் நிறையும்வரை ஓடவிடுங்கள். பிறகு கீசருக்குத் தண்ணீர் வரும் ஆங்கிள் வால்வை மூடி, வெந்நீர்க் குழாயைத் திறந்து வையுங்கள், அழுத்தம் இறங்கும். சுவரில் மாட்டும் கீசரில் தண்ணீர் வரும் பக்கத்துப் பைப்பைக் கழற்றினால் தொட்டி காலியாகும். சேஃப்டி வால்வு திரும்பிப் போகவிடாது என்பதால் அதன் நெம்புகோலைத் தூக்கியோ, வால்வையே கழற்றியோ வடிக்க வேண்டும்.

கீழ் மூடியைத் திறந்ததும் ஒயர்களைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். டெஸ்டரால் மின்சாரம் இல்லை என்று உறுதி செய்துவிட்டு ஒயர்களைக் கழற்றி, தகட்டைப் பிடித்திருக்கும் நட்டுகளை எடுத்தால் எலிமென்ட்டும் அதோடு ஆனோடு ராடும் சேர்ந்து வெளியே வரும். கூடவே கைநிறைய வெள்ளைச் சில்லுகள் கொட்டும். தொட்டியின் அடியில் தங்கியிருப்பதை மரக்கரண்டியாலோ கையாலோ வழித்து எடுங்கள். உள்ளே எனாமல் பூச்சு இருந்தால் இரும்புக் கருவி எதுவும் படக் கூடாது. ஒரு கீறல் போதும், துரு அங்கிருந்து ஆரம்பிக்கும்.

எலிமென்ட்டில் உள்ள கனமான படிவை முதலில் மரக்குச்சியால் தட்டி உதிர்த்துவிட்டு, மிச்சத்துக்குத்தான் அமிலம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 முதல் 100 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்து, சில மணி நேரம் ஊறவையுங்கள், மின்முனைகள் நனையாமல். வேகமாக வேலை நடக்கட்டும் என்று கொதிக்கிற தண்ணீரில் கரைக்காதீர்கள். சூட்டில் கால்சியம் சிட்ரேட் உருவாகி, கரையாத வெள்ளை மாவாக மறுபடி ஒட்டிக்கொள்ளும். நுரை அடங்கியும் படிவு மிச்சமிருந்தால் கரைசலை மாற்றுங்கள். முக்கால் கிலோ படிவை முழுக்க அமிலத்திலேயே கரைக்க ஏறக்குறைய ஒரு கிலோ சிட்ரிக் ஆசிட் வேண்டியிருக்கும், அதனால்தான் முதலில் தட்டி உதிர்க்கச் சொன்னேன்.

கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட்டை இங்கே கொண்டுவரவே கூடாது. அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். படிவை நொடியில் கரைக்கும், கூடவே ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையும் ஜிஐ பைப்பின் துத்தநாகப் பூச்சையும் அரிக்கும். ஆனோடு ராடை எந்த அமிலத்திலும் ஊறவைக்கக் கூடாது.

மாட்டும்போது ரப்பர் கேஸ்கெட்டைப் புதிதாகப் போடுங்கள், பழையது ஒழுகத்தான் செய்யும். சேஃப்டி வால்வின் துளையைப் பார்த்து, படிவு அடைத்திருந்தால் சுத்தம் செய்வதை விட மாற்றிவிடுவதே நல்லது. தெர்மோஸ்டாட் கெட்டால் ஆவி அழுத்தத்தை வெளியேற்ற இருக்கிற முக்கிய வழி அதுதான். கடைசியாக, வெந்நீர்க் குழாயில் காற்று இல்லாமல் முழுத் தாரையாகத் தண்ணீர் வந்த பிறகே பிரேக்கரை ஏற்றுங்கள். காலித் தொட்டியில் போட்டால் எலிமென்ட் கருகிவிடும்.

## படி 4: ஆனோடு ராடைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள்

எனாமல் பூச்சில் எங்காவது நுண்ணிய துளை இருக்கும். அந்த இடத்தில் தொட்டி அரிக்காமலிருக்க, மக்னீசிய ராடு தானே கரைந்து கொடுக்கிறது. ராடு தீர்ந்த பிறகு தொட்டியின் முறை வரும். தொட்டி ஓட்டையானால் கீசரே போச்சு.

ராடு பாதியாக இளைத்தாலோ நடுவில் கம்பி தெரிந்தாலோ மாற்ற வேண்டும். ஆனால் கடின நீரில் ஒரு ஏமாற்று நடக்கும். ராடு தடியாக, நன்றாகவே இருப்பதுபோல் தெரியும். சுரண்டினால் வெளியே கெட்டியான படிவு, உள்ளே மெலிந்த உலோகம். படிவு மூடிய ராடு வேலை செய்வதில்லை, எனவே சுரண்டிப் பார்த்த பிறகுதான் முடிவு செய்ய வேண்டும்.

டிடிஎஸ் அதிகமுள்ள தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், ராடு வேகமாகக் கரையும். டிடிஎஸ் மிகக் குறைந்த மென்னீரில் நேர்மாறான சிக்கல் வரும். ராடு அப்படியே இருக்கும், ஆனால் அதன் பாதுகாப்புத் தொட்டியின் தொலைவான மூலைவரை போய்ச் சேராது. எனவே நல்ல தண்ணி வீட்டில் ராடு குண்டாக இருப்பதைக் கண்டு நிம்மதியடையாமல், டார்ச் அடித்து உள்சுவரில் துருக்கோடுகள் உண்டா என்று பாருங்கள்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தொட்டி என்றால் குளோரைடு எண்ணைப் பாருங்கள். லிட்டருக்கு 200 மில்லிகிராமைத் தாண்டும் போர் தண்ணியை 60 டிகிரிக்கு மேல் சூடாக்கும் வீட்டில் 304 வகை ஸ்டீலை நான் போடச் சொல்ல மாட்டேன். வெல்டு ஓரங்களில் குழியும் வெடிப்பும் வரும்.

## படி 5: பைப்

பழைய வீடுகளில் வெந்நீர் லைனும் ஜிஐயாக இருக்கும். சாதாரண வெப்பத்தில் துத்தநாகப் பூச்சு தன்னைக் கொடுத்து இரும்பைக் காக்கும். சுமார் 60 டிகிரிக்கு மேல், சில வகைத் தண்ணீரில், இந்த உறவு தலைகீழாகி, பூச்சு விட்டுப்போன இடத்தில் இரும்பு அரிக்கத் தொடங்குகிறது. அதனால் ஜிஐ லைன் உள்ளவர்கள் தெர்மோஸ்டாட்டை 55 அளவில் வைப்பது பைப்புக்கும் நல்லது, படிவுக்கும் நல்லது. 50க்குக் கீழே வைத்து நாள் முழுக்கத் தேக்கி வைக்க வேண்டாம், வெதுவெதுப்பில் லீஜியோனெல்லா போன்ற கிருமிகள் வளரும்.

செம்பையும் ஜிஐயையும் நேராக இணைக்காதீர்கள். தண்ணீர் முதலில் செம்பு வழியாகப் போய்ப் பிறகு ஜிஐக்குள் நுழைந்தால், கரைந்த செம்பு இரும்புக்குள் படிந்து அங்கங்கே ஓட்டை போடும். ஜிஐ லைன் அடைத்துவிட்டால் அமிலம் ஊற்றித் திறக்க முயல்வதும் வீண். படிவும் துருவும் கலந்து ஓட்டைகளை அடைத்துக்கொண்டிருக்கும், அதைக் கரைத்தால் ஒழுகும். வெந்நீர் தாங்கும் சிபிவிசி பிளாஸ்டிக் பைப்புக்கு மாற்றுவதுதான் தீர்வு. சிபிவிசி துருப்பிடிக்காது, படிவும் எளிதில் பற்றாது. ஆனால் தெர்மோஸ்டாட் கெட்டு ஆவி வந்தால் இளகிவிடும்.

## எத்தனை மாதத்துக்கு ஒரு முறை

கடினத்தன்மை 100க்குக் கீழே என்றால் எலிமென்ட்டை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும். ஆனால் ராடையும் துருவையும் வருடாவருடம் பார்க்க வேண்டும். 100 முதல் 300 வரை வருடம் ஒரு முறை வடித்துக் கழுவி, இரண்டு வருடத்துக்கு ஒரு முறை திறக்கலாம். 300 முதல் 600 வரை வருடம் தவறாமல் திறந்தே ஆக வேண்டும், குளிர்காலம் தொடங்கும் முன் செய்தால் நல்லது. 600க்கு மேல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை திறப்பதா, சாஃப்ட்னர் போடுவதா என்று யோசிக்க வேண்டிய இடம் வந்துவிடுகிறது.

சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தை விடுகிறது. அதன் வேலைக்கு எல்லை உண்டு. அதற்குள் கால்சியத்தைப் பிடிக்கும் ரெசின் மணிகள் 25 லிட்டர் இருந்தால், ஒரு சுற்றில் ஏறக்குறைய 1,250 கிராம் கடினத்தன்மையைப் பிடிக்கும். 600 மில்லிகிராம் தண்ணீரில் அது சுமார் 2,000 லிட்டர். ஒரு நாளைக்கு 500 லிட்டர் செலவானால் நான்கு நாளைக்கு ஒரு முறை, மூன்று கிலோவுக்கு மேல் உப்பு போட்டு அதைப் புதுப்பிக்க வேண்டும். முழு வீட்டுக்கும் போடாமல் குளியலறை லைனுக்கு மட்டும் போட்டால் இந்தச் சுமை குறையும். புதுப்பிக்கும்போது வரும் உப்புக் கழிவைச் செடிக்கு விடாதீர்கள்.

சாஃப்ட்னர் வந்த பிறகு படிவுக் கவலை போய்விடும், ஆனால் குளோரைடும் டிடிஎஸும் அப்படியே இருக்கும். படிவின் மெல்லிய பாதுகாப்பும் போய்விட்டதால் ராடு முன்பைவிட வேகமாகக் கரையும். முதல் வருடம் ஆறாவது மாதமே ராடைத் திறந்து பாருங்கள். பைபாஸ் வால்வு இருந்தால் கொஞ்சம் போர் தண்ணியைக் கலந்து, கடினத்தன்மை 50 முதல் 100 வரை இருக்கும்படி வைப்பது நான் பரிந்துரைப்பது. சொட்டுக் கிட் இருந்தால் அந்த வால்வை நீங்களே சரிசெய்துகொள்ளலாம்.

மாடியில் சோலார் ஹீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. வெயில் காலத்தில் அதில் தண்ணீர் 80 டிகிரியைத் தாண்டும், கட்டுப்படுத்த தெர்மோஸ்டாட் இல்லை. போர் தண்ணி நேராகப் போகும் தகட்டு வகையில் மெல்லிய செம்புக் குழாய்கள் அடைத்துவிட்டால் திறப்பது மிகவும் கடினம். கண்ணாடிக் குழாய் வகையில் படிவு குழாயின் அடியில் தங்கும், ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழுவிவிடலாம். கடின நீர் உள்ள வீட்டுக்குக் கண்ணாடிக் குழாய் வகையோ, தண்ணீர் தகட்டுக்குள் போகாத ஹீட் எக்ஸ்சேஞ்சர் வகையோதான் வாங்க வேண்டும். கோடையில் ஊருக்குப் போகும்போது தகட்டின் மேல் அல்லது குழாய்களின் மேல் ஒரு துணி மூடிவிட்டுப் போங்கள்.